ஒரே கேள்வி, பல பதில்கள்: விரிவுரையாளர் சொன்னதை எப்படித் தொகுப்பது?

பைத்தான் அறிமுகப் பாடம் ஒன்றுக்கு உதவி ஆசிரியராக இருந்தேன். பருவம் முடிந்ததும், மாணவர்கள் எழுதிக் கேட்ட கேள்விகளையும் விரிவுரையாளர் எழுதிய பதில்களையும் எடுத்து 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்' என்று ஒரு தொகுப்பாக்கும் வேலை என் கைக்கு வந்தது. அடுத்த பருவ மாணவர்கள் அதைப் படித்துவிட்டுப் பாடத்துக்குள் வர வேண்டும் என்பது எண்ணம். இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன், இரண்டு வாரம் ஆனது. வேலை அதிகம் என்பதால் இல்லை, எந்த வழியில் செய்வது என்று முதலிலேயே முடிவு செய்யாததால்தான்.

வழிகள் மூன்று இருக்கின்றன. ஒன்று, விரிவுரையாளரின் பதில்களை அவர் எழுதியபடியே எடுத்து, எழுத்துப் பிழை மட்டும் திருத்தி வரிசைப்படுத்துவது. இரண்டு, ஒரே விஷயத்தைப் பற்றிய எல்லாக் கேள்வி பதில்களையும் படித்துவிட்டு, நாமே ஒரு கேள்வியும் ஒரு பதிலுமாகப் புதிதாக எழுதுவது. மூன்று, தொகுப்பில் சேர்க்காமல், அந்தக் கேள்வியே வராதபடி அசைன்மென்ட் தாளைத் திருத்துவது. நான் முதல் வழியில் தொடங்கி, பாதியில் இரண்டாவதற்கு மாறி, கடைசியில் மூன்றாவதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும் என்ற இடத்துக்கு வந்தேன். எல்லாக் கேள்விக்கும் ஒரே வழி பொருந்தாது என்பதுதான் என் தீர்ப்பு. எந்த வகைப் பதிலுக்கு எந்த வழி என்பதை ஒரு கேள்விக் கொத்தை எடுத்துக்கொண்டு மூன்று வழியிலும் நடத்திக் காட்டினால் தெளிவாகும்.

அதற்கு முன் கொத்து என்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். ஒரே மாதிரி சொற்கள் இருக்கும் கேள்விகளை ஒன்றாக அடுக்கத் தோன்றும், அது வேண்டாம். இந்த நான்கையும் பாருங்கள்:

"என் கணினியில் சரியாக ஓடுகிறது, சமர்ப்பித்தால் 0 மதிப்பெண் வருகிறது."

"விடை 7 வர வேண்டும், எனக்கும் 7 தான் வருகிறது, ஆனால் தவறு என்று சொல்கிறது."

"Enter a number: 7 என்று ஒரே வரியில் காட்டுகிறதே, நான் அப்படி எழுதவே இல்லையே?"

"input() உள்ளே எதுவும் எழுதக் கூடாதா?"

சொற்களை வைத்துப் பார்த்தால் இவை நான்கும் நான்கு இடத்துக்குப் போகும். ஆனால் காரணம் ஒன்றுதான். மாணவர் எழுதியது இது:

```
n = int(input("Enter a number: "))
print(n + 2)
```

திரையில் ஓட்டிப் பார்க்கும்போது மாணவர் 5 என்று தட்டி என்டர் அழுத்துகிறார், அந்த என்டரால் அடுத்த வரிக்குப் போய் அங்கே 7 தனியாகத் தெரிகிறது. தானாகத் திருத்தும் ஆட்டோகிரேடரில் யாரும் விசைப்பலகையைத் தட்டுவதில்லை, உள்ளீடு ஒரு கோப்பிலிருந்து ஊட்டப்படுகிறது. அப்போது அந்த `Enter a number: ` என்ற வாசகமும் நிரலின் வெளியீட்டில் சேர்ந்துவிடும், என்டர் எதுவும் வெளியீட்டில் பதியாததால் 7 அதே வரியில் ஒட்டிக்கொள்ளும். ஆட்டோகிரேடர் எதிர்பார்த்தது `7`, கிடைத்தது `Enter a number: 7`. மாணவருக்கு இரண்டும் 7 தான், கருவிக்கு இரண்டும் வேறு வேறு சரங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. `EOFError: EOF when reading a line` என்ற ஒரே பிழைச் செய்தியை ஒட்டிப் பல பேர் கேட்டிருந்தார்கள், அவர்களை ஒரே கொத்தில் போட்டுவிட்டேன். அப்புறம் பதில்களைப் படித்தால் அங்கே இரண்டு காரணங்கள் இருந்தன. சிலர் நிரல் முடிந்ததும் ஜன்னல் மூடிவிடாமல் இருக்கக் கடைசி வரியில் ஒரு வெற்று `input()` வைத்திருந்தார்கள், ஊட்டப்பட்ட உள்ளீடு தீர்ந்த பிறகு இன்னொரு வரி கேட்டதால் பிழை வந்தது. மற்றவர்கள் வெற்று வரி வரும்வரை படித்துக்கொண்டே இரு என்று சுழல் எழுதியிருந்தார்கள், சோதனைக் கோப்பிலோ கடைசியில் வெற்று வரியே இல்லை. முதலாமவருக்குப் பதில் 'அந்த வரியை எடுத்துவிடுங்கள்', இரண்டாமவருக்குப் பதில் 'சுழலை நிறுத்தும் வழியை மாற்றுங்கள்'. ஒன்றுக்குச் சொன்னதை மற்றவர் செய்தால் ஒன்றும் சரியாகாது.

ஆகவே நான் கடைசியில் பிடித்துக்கொண்ட சோதனை இது: இந்த ஒரு பதிலைக் கொடுத்தால் இந்த இரண்டு பேருடைய சிக்கலும் தீருமா? தீருமென்றால் ஒரே கொத்து, இல்லையென்றால் வேறு வேறு. கேள்வியைப் பார்த்து அடுக்காமல் பதிலைப் பார்த்து அடுக்க வேண்டும். இதற்கு ஒரு விரிதாள் போதும். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே எந்த அசைன்மென்ட், எந்தத் தேதி, பதில் சொன்னது விரிவுரையாளரா உதவி ஆசிரியரா சக மாணவரா, பதிலின் சாரம் ஒரே வரியில், இவ்வளவு எழுதினால் போதும். சாரத்தை ஒரு வரியில் எழுத முடியவில்லை என்றால் அந்தப் பதில் தொகுப்புக்கு இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம்.

சரி, இப்போது input() கொத்துக்கு முதல் வழி. விரிவுரையாளர் எழுதியதை அப்படியே எடுத்துவைத்தேன். இதன் பலம் இரண்டு: வேகமாக முடியும், சொன்னது அவர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் நடுவில் உட்கார்ந்து படித்தபோது அந்தப் பதில்கள் இப்படி இருந்தன: "ஆமாம், அதை எடுத்துவிட்டு மறுபடி சமர்ப்பியுங்கள்." "போன வாரம் இதே கேள்விக்குச் சொன்னதுதான்." "இரண்டாவது வரியைப் பாருங்கள்." கேட்ட மாணவருக்கு இவை நல்ல பதில்கள். அவருடைய நிரல் அவர் கண்முன்னே இருந்தது, எது 'அதை', எது 'இரண்டாவது வரி' என்று அவருக்குத் தெரியும். உரையாடலிலிருந்து பிடுங்கி எடுத்தால் பதிலின் பாதி அந்தக் கேள்வியிலேயே தங்கிவிடுகிறது. முழு உரையாடலையும் சேர்த்து வைக்கலாமே என்றால், பிறகு தொகுப்பு எதற்கு, மாணவர் மறுபடியும் பழைய உரையாடல்களைத்தானே துழாவப் போகிறார்?

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. மூன்றாம் வாரத்தில் "input() உள்ளே வாசகம் எழுத வேண்டாம்" என்று சொன்ன அதே விரிவுரையாளர், எட்டாம் வாரத்தில் "வாசகம் இருந்தால் பரவாயில்லை" என்று எழுதியிருந்தார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்ததும் அவர் தனக்குத்தானே முரண்படுவதுபோல் ஆகிவிட்டது. உண்மையில் இரண்டுமே சரி. முதல் மூன்று அசைன்மென்ட்களில் நிரல் அச்சிட்டதை ஆட்டோகிரேடர் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டது. நான்காவதிலிருந்து மாணவர் எழுதிய செயற்கூறுகளை அழைத்து, அவை திருப்பிக் கொடுக்கும் மதிப்பை மட்டும் பார்த்தது, திரையில் என்ன அச்சாகிறது என்று பார்க்கவே இல்லை. அந்த நிபந்தனை பதிலில் எழுதப்படவில்லை. அந்த வாரம் அந்த வகுப்பில் இருந்த எல்லோருக்கும் அது தெரிந்த விஷயம், அதனால் எழுத வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. அடுத்த பருவ மாணவருக்கு அது தெரியாது. அப்படியே எடுத்துவைக்கும் வழி மெல்ல மெல்ல தோற்பது இந்த இடத்தில்தான் என்று நான் நினைக்கிறேன்: சொற்கள் பத்திரமாக வந்து சேரும், சூழல் வராது.

இரண்டாம் வழிக்கு மாறினேன். கொத்து முழுவதையும் படித்துவிட்டு நானே எழுதிய முதல் வரைவில் பதில் ஒரே வரி: "input() உள்ளே எதுவும் எழுதக் கூடாது." சுருக்கமாக, கச்சிதமாக இருக்கிறது என்று மகிழ்ந்தேன். விரிவுரையாளரிடம் காட்டியபோது அவர் ஒன்றும் கோபிக்கவில்லை, ஆனால் ஒரு விஷயம் சொன்னார், அது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. "நான் 'வேண்டாம்' என்றேன், நீங்கள் 'கூடாது' என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படிக்கிற பிள்ளை பயனரிடம் என்ன கேட்கிறோம் என்று சொல்வதே தவறான பழக்கம் என்று எடுத்துக்கொள்ளும்." அது முற்றிலும் உண்மை. மனிதர் உட்கார்ந்து பயன்படுத்தும் நிரலில் அந்த வாசகம் இல்லாவிட்டால்தான் தவறு. நான் பதிலைச் சுருக்கும்போது அதன் எல்லையையும் சேர்த்து வெட்டியிருந்தேன்.

தொகுத்து எழுதுபவர் எல்லோருக்கும் இந்தச் சாய்வு வரும். 'பெரும்பாலும்', 'இந்த அசைன்மென்ட்டுக்கு மட்டும்', 'இப்போதைக்கு' போன்ற சொற்கள் நிரப்புச் சொற்கள்போலத் தெரியும், எடுத்துவிட்டால் வாக்கியம் பளிச்சென்று ஆகும். ஆனால் பதிலின் உண்மை அந்தச் சொற்களில்தான் இருக்கிறது. அதனால் நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன்: வரைவை எழுதி முடித்ததும் மூலப் பதில்களைத் திறந்து, அவற்றில் இருக்கும் நிபந்தனைச் சொற்களை மட்டும் தேடி, ஒவ்வொன்றும் என் வரைவில் எங்கே போயிற்று என்று பார்ப்பேன். காணவில்லை என்றால் நான் விதியைக் கடுமையாக்கிவிட்டேன் அல்லது தளர்த்திவிட்டேன்.

கடைசியில் ஏற்றுக்கொள்ளப்பட்ட பதிவு இது:

"என் கணினியில் விடை சரி, சமர்ப்பித்தால் தவறு என்கிறது. ஏன்? (அசைன்மென்ட் 1 முதல் 3 வரை)

உங்கள் `input()` உள்ளே `"Enter a number: "` போன்ற வாசகம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இந்த மூன்று அசைன்மென்ட்களிலும் நிரல் அச்சிடும் ஒவ்வொரு எழுத்தும் ஒப்பிடப்படுகிறது, அந்த வாசகமும் அதில் சேர்ந்துவிடும். அதை எடுத்துவிட்டு `input()` என்று மட்டும் வைத்து மறுபடி சமர்ப்பியுங்கள். ஆட்டோகிரேடர் காட்டும் வெளியீட்டில் உங்கள் வாசகமும் விடையும் ஒரே வரியில் ஒட்டியிருந்தால் காரணம் இதுதான். அசைன்மென்ட் 4 முதல் இது பொருந்தாது. ஒரு மனிதர் பயன்படுத்தும் நிரலில் வாசகம் வைப்பதே நல்லது."

இதில் கேள்வி மாணவரின் வாயிலிருந்து வந்த வடிவில் இருப்பதைக் கவனியுங்கள். முதலில் நான் வைத்த தலைப்பு 'உள்ளீட்டு வாசகமும் வெளியீட்டு ஒப்பீடும்'. விடை தெரிந்தவருக்கு மட்டுமே அந்தத் தலைப்பு புரியும். சிக்கலில் இருக்கும் மாணவருக்குக் காரணம் தெரியாது, அறிகுறி மட்டும்தான் தெரியும், அதைத்தான் தேடுவார். பிழைச் செய்தி இருக்கும் கேள்வியில் அந்தச் செய்தியை ஓர் எழுத்தும் மாற்றாமல் தலைப்பிலேயே வைக்க வேண்டும் என்பதும் இதனால்தான், அவர் அதை அப்படியே நகலெடுத்துத் தேடுவார். இன்னொன்று, 'இதுதான் உங்கள் சிக்கல் என்று எப்படித் தெரிந்துகொள்வது' என்ற வாக்கியம். அது இல்லாவிட்டால் வேறு காரணத்தால் தவறு வாங்கியவரும் இதைச் செய்து பார்த்துவிட்டு, பலிக்கவில்லை என்று தொகுப்பையே நம்பாமல் போய்விடுவார்.

இந்த வழியின் விலை நேரம். ஒரு பதிவுக்கு எனக்கு ஏறக்குறைய அரை மணி நேரம் பிடித்தது, விரிவுரையாளர் படித்து ஒப்புதல் தர மேலும் சில நிமிடம். அந்த ஒப்புதலை விட்டுவிட்டு இந்த வழியில் இறங்கவே கூடாது என்பேன். நாம் எழுதியதை மாணவர்கள் அவர் சொன்னதாகத்தான் படிப்பார்கள், மதிப்பெண் தகராறு வந்தால் அதைத்தான் காட்டுவார்கள்.

மூன்றாம் வழி எனக்குத் தோன்றியது மேலே உள்ள பதிவை முடித்த பிறகுதான். இத்தனை பேர் ஏன் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள் என்று அசைன்மென்ட் தாளைத் திறந்து பார்த்தேன். அதில் 'ஓர் எண்ணை உள்ளீடாகப் பெற்று, அதனுடன் 2 கூட்டி அச்சிடுக' என்று மட்டும் இருந்தது. மாதிரி உள்ளீடு, மாதிரி வெளியீடு எதுவும் இல்லை. 'உள்ளீடு `5` என்றால் வெளியீடு `7` மட்டும் இருக்க வேண்டும், வேறு எந்த வாசகமும் அச்சாகக் கூடாது' என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அந்தக் கொத்தில் பெரும்பகுதி பிறந்தே இருக்காது. மாணவர் அந்தத் தாளைத் திறந்துவைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறார், தொகுப்பை அவர் தேடிப் போக வேண்டும். பதில் தேவைப்படும் இடத்திலேயே இருப்பதற்கு இணை வேறில்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் தாளிலேயே எழுதிவிடலாமா? முடியாது. எல்லாச் சந்தேகத்துக்கும் ஒரு வரி சேர்த்தால் ஒரு பக்கத் தாள் ஐந்து பக்கம் ஆகும், பிறகு யாரும் முழுதாகப் படிக்க மாட்டார்கள், அதே கேள்விகள் திரும்பி வரும். தாளில் எழுதியும் தீராத கேள்விகளும் உண்டு, EOFError அப்படித்தான். மாணவர் தவறு செய்த பிறகுதான் அந்தக் கேள்வி எழுகிறது, தவறு செய்யும் முன் எச்சரித்தால் எதைப் பற்றிச் சொல்கிறோம் என்றே அவருக்குப் புரியாது. பருவத்தின் நடுவில் தாளை மாற்றுவதிலும் ஆபத்து இருக்கிறது: ஏற்கெனவே பழைய தாளை இறக்கி வைத்துக்கொண்டவர் மறுபடி பார்க்க மாட்டார், மாற்றிய வரியைத் தனியாக அறிவிக்காவிட்டால் வகுப்பில் இரண்டு தாள்கள் உலவும்.

ஆகவே என் பிரிப்பு இப்படி அமைந்தது. 'என்ன செய்ய வேண்டும்' என்று கேட்கும் கொத்து தாளின் குறை, அதைத் தாளிலேயே திருத்து. 'செய்தேன், ஏன் இப்படி ஆகிறது' என்று கேட்கும் கொத்து தொகுப்புக்கு உரியது, அதைப் புதிதாக எழுது. இந்த இரண்டில் பெரும்பாலான கேள்விகள் அடங்கிவிடும். அப்படியே எடுத்துவைக்கும் முதல் வழிக்கு என்ன மிச்சம் என்றால், விரிவுரையாளர் ஒரு கருத்தை மிக நன்றாக விளக்கிய பதில்கள். `0.1 + 0.2 == 0.3` ஏன் `False` என்று ஒரு மாணவர் கேட்டதற்கு, மூன்றில் ஒன்றைத் தசமத்தில் முடிவாக எழுத முடியாததுபோல் பத்தில் ஒன்றை இரும எண்ணில் முடிவாக எழுத முடியாது என்று அவர் நான்கு வாக்கியத்தில் சொல்லியிருந்தார். அது எந்த அசைன்மென்ட்டையும் சாராதது, தனியாக நிற்கும், நான் தொட்டால் கெடும். அப்படியே எடுத்து வைத்தேன்.

தாமதமாகச் சமர்ப்பிப்பது பற்றிய கொத்துதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது, ஏனென்றால் எண்ணிக்கையில் அதுதான் பெரியது, மூன்று வழியுமே அதற்குப் பொருந்தவில்லை. பதில்களில் ஒன்று, சர்வர் கோளாறால் இரண்டாம் அசைன்மென்ட்டுக்கு எல்லோருக்கும் ஞாயிறு வரை நீட்டிப்பு என்றது. இன்னொன்று ஒரு மாணவருக்கு அவருடைய உடல்நிலையைக் கருதிக் கொடுத்த தனிச் சலுகை. மற்றொன்று பாடத்திட்டத்தில் இருந்த விதியை நினைவிலிருந்து சொன்னது, எண் கொஞ்சம் மாறியிருந்தது. முதலாவதைச் சேர்த்தால் அடுத்த பருவத்தில் யாராவது ஞாயிறு வரை நேரமிருப்பதாக நம்பிவிடுவார். இரண்டாவதைப் பெயரை நீக்கிவிட்டுப் போட்டாலும், காரணத்தையும் வாரத்தையும் வைத்து வகுப்பில் இருந்தவர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அது அவருடைய சொந்த விஷயம். மூன்றாவதைச் சேர்த்தால் ஒரே விதிக்கு இரண்டு எண்கள் எழுத்தில் இருக்கும். கடைசியில் நான் எழுதிய பதிவு ஒரே வரி: தாமத விதி பாடத்திட்டத்தில் எந்தப் பகுதியில் இருக்கிறது, தனிச் சலுகைக்கு யாரிடம் கேட்க வேண்டும். விதிகளைத் தொகுப்பில் மறுபடி சொல்லாதீர்கள், இருக்கும் இடத்தைக் காட்டுங்கள். ஓர் இடத்தில் மாறும்போது மற்ற இடத்தில் மாற்ற யாருக்கும் நினைவிருக்காது.

மாணவர்கள் ஒட்டிய நிரல்களையும் எடுக்கவில்லை. அவற்றில் பாதி விடை இருந்தது, அதே அசைன்மென்ட் அடுத்த பருவமும் வரும். மேலே நான் காட்டிய இரண்டு வரிபோல, தவறை மட்டும் காட்டும் சின்ன நிரலை நாமே எழுதிக்கொள்வது நல்லது. சக மாணவர்கள் சொன்ன பதில்களில் விரிவுரையாளர் 'சரி' என்று உறுதிசெய்தவற்றை மட்டும் கணக்கில் எடுத்தேன்.

எங்கே வைப்பது என்பதில் எனக்குப் பெரிய கருத்து இல்லை, ஒன்றைத் தவிர. பாடம் Moodle-இல் நடக்கிறது என்றால் தனி ஆவணம் உருவாக்குவதற்கு முன் அதிலுள்ள Glossary-யைப் பாருங்கள். அதன் காட்சி வடிவங்களில் FAQ என்றே ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் மாற்றுச் சொற்கள் சேர்க்கலாம், மாணவர்கள் பயன்படுத்திய வேறு வேறு சொற்களை அங்கே போட்டுவிடலாம். ஆசிரியர் ஒப்புதல் தந்த பிறகே பதிவு தெரியும்படி அமைக்கலாம், பதிவுகளை ஏற்றுமதி செய்து அடுத்த பருவப் பாடத்தில் இறக்கலாம். சாதாரண ஆவணத்தில் இந்த ஒப்புதல் வேலையை மின்னஞ்சலில்தான் நடத்த வேண்டியிருக்கும், எது ஒப்புதல் பெற்றது எது பெறவில்லை என்று சீக்கிரமே குழம்பிவிடும்.

நேரம் குறைவாக இருப்பவர்களுக்கு: ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் தொகுப்பை விட்டுவிடுங்கள், மிகப் பெரிய ஐந்து கொத்துகளை எடுத்து அவற்றில் எவை தாளின் குறை என்று பார்த்துத் தாளைத் திருத்துங்கள். ஒரு வாரம் இருந்தால் அதோடு பத்துப் பன்னிரண்டு பதிவுகள் எழுதலாம். நான் முதலில் நாற்பதுக்கு மேல் வைத்திருந்தேன், பிறகு ஒரே ஒருவர் கேட்டவற்றையும் தாளில் தீர்ந்தவற்றையும் நீக்கியதும் பதினெட்டு மிஞ்சியது. ஒவ்வொன்றின் அடியிலும் எந்தப் பருவத்துக்குச் சரிபார்க்கப்பட்டது என்று எழுதினேன், ஏனென்றால் ஆட்டோகிரேடரின் அமைப்பு மாறினால் input() பதிவு ஒரே நாளில் பொய்யாகிவிடும்.

அடுத்த பருவத்தில் கேள்விகள் நிற்கவில்லை, ஆனால் மாறின. "என் கணினியில் சரியாக ஓடுகிறது" என்று தொடங்கிய ஒரு மாணவி, "input() உள்ளே வாசகம் இல்லை என்று பார்த்துவிட்டேன், வெளியீடு ஒட்டியும் இல்லை, ஆனால் 7க்கு பதில் 7.0 வருகிறது" என்று எழுதியிருந்தார். விரிவுரையாளர் ஒரே வரியில் பதில் சொன்னார்: `float` என்று மாற்றியதை `int` ஆக்குங்கள். அந்த வாரமே அதே 7.0 சிக்கலோடு இன்னும் மூன்று பேர் வந்தார்கள், பத்தொன்பதாவது பதிவு அப்படித்தான் உருவானது.